+60 போய் +91: அம்மானின் வாட்ஸ்அப் எண்ணை மாற்றிய விதம்

அம்மான் பினாங்கில் வேலையை முடித்துக்கொண்டு கானாடுகாத்தானுக்கே திரும்பிவிட்டார். இனி அவருக்கு மலேசிய சிம் தேவையில்லை. ப்ரீபெய்டு எண் என்பதால் ரீலோட் செய்வதை நிறுத்தினால் கொஞ்ச நாளில் செத்துவிடும். உள்நாட்டில் என்றால் எண்ணை மாற்றாமல் நிறுவனத்தை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். நாடு விட்டு நாடு அந்த வழி கிடையாது. ஆனால் அவருடைய வாட்ஸ்அப் முழுவதும் அந்த மலேசிய எண்ணில்தான் இருந்தது. பங்காளிகள் குழு, முன்னோருக்குச் செய்யும் படைப்புக்கு வரி கணக்குப் போடும் குழு, கோயில் குழு, பினாங்கு நண்பர்கள் குழு என்று பல. படைப்புக் குழுவுக்கு அவர் ஒருவரே அட்மின். பழைய வீட்டின் ஓடு மாற்றிய செலவு ரசீதுகள் எல்லாம் அந்த உரையாடல்களுக்குள்தான் கிடந்தன. அவற்றில் ஒன்றும் போகாமல் புது எண்ணுக்கு வந்துவிட்டோம். செய்த வரிசையை, யாருக்காவது பயன்படும் என்று எழுதுகிறேன்.

முதலில் எதைச் செய்யக்கூடாது என்பதைச் சொல்லிவிடுகிறேன். புது சிம்மைப் போட்டு, செயலியை அழித்து மறுபடி நிறுவி, புது எண்ணில் பதிவு செய்வதுதான் பலருக்கும் தோன்றும் வழி. தேவகோட்டையில் எங்கள் உறவினர் ஒருவர் அப்படித்தான் செய்தார். அது எண் மாற்றம் ஆகாது, புதிதாக ஒரு கணக்குத் தொடங்குவது. குழுக்களில் பழைய எண்தான் உறுப்பினராக நிற்கும், அட்மின் பொறுப்பும் அதனிடமே இருக்கும். அவருக்குப் பழைய சிம் இன்னும் உயிரோடு இருந்ததால் தப்பித்தார். புது எண்ணில் தொடங்கிய வெற்றுக் கணக்கை Delete account கொடுத்து நீக்கினோம். பழைய எண்ணில் மறுபடி பதிவு செய்து, கூகுள் டிரைவில் இருந்த பேக்கப்பை இறக்கி, அதன் பிறகு முறையாக எண்ணை மாற்றினோம். பழைய சிம்மில் எஸ்எம்எஸ்ஸோ அழைப்போ வராமல் போயிருந்தால் அந்தக் கணக்கை மீட்டிருக்கவே முடியாது.

செயலிக்குள்ளேயே இருக்கும் வழி இதுதான்:

```
Settings > Account > Change number
```

இது கணக்கின் பெயர், படம், தனி உரையாடல்கள், குழுக்கள், அட்மின் பொறுப்பு எல்லாவற்றையும் புது எண்ணுக்குக் கொண்டுபோகிறது. பழைய எண்ணில் இருந்த கணக்கை நீக்கியும் விடுகிறது. சரிபார்ப்புக் குறியீடு புது எண்ணுக்கு மட்டுமே வரும், பழைய எண்ணுக்கு எதுவும் வராது. பழைய எண் அந்தக் கைப்பேசியில் வாட்ஸ்அப்பில் பதிவாகி ஓடிக்கொண்டிருந்தால் போதும். ஆகையால் பழைய சிம் செத்திருந்தாலும் செயலியை அழிக்காமல், வெளியேறாமல் வைத்திருப்பவருக்கு இந்த வழி திறந்தே இருக்கிறது.

இந்த மாற்றம் சில நிமிட வேலை. எங்களுக்கு நேரம் பிடித்தது அதற்கு முந்திய வேலை, அதாவது தொடர்புப் பட்டியல்.

அம்மான் பினாங்கு நண்பர்களின் எண்களை அங்கே டயல் செய்கிறபடியே சேமித்திருந்தார். 012, 016, 019 என்று பூஜ்யத்தில் தொடங்கும் எண்கள். முன்னால் +60 இல்லை. நாட்டுக் குறியீடு இல்லாத எண்ணைக் கண்டால், கணக்கு வைத்திருப்பவரின் சொந்த நாட்டு எண் என்றுதான் வாட்ஸ்அப் எடுத்துக்கொள்ளும். கணக்கு +60இல் இருந்தவரை அது மலேசிய எண் என்று சரியாகப் புரிந்துகொண்டது. கணக்கு +91க்குப் போன கணத்தில் அதே 012 இந்திய எண்ணாகிவிடும். அப்படித் தொடங்கும் கைப்பேசி எண் இந்தியாவில் இல்லை. உடனே அத்தனை நண்பர்களும் பெயர் போய் வெறும் எண்களாக நிற்பார்கள். உரையாடல் இருக்கும், ஆனால் யாருடையது என்று தெரியாது.

இதை எண் மாற்றிய பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட முடியாத காரணம் ஒன்று உண்டு. எண் மாறும்போது, நம் தொடர்பில் இருப்பவர்களுக்கு அறிவிக்கட்டுமா என்று செயலி கேட்கும். அந்தப் பட்டியல் கைப்பேசியின் தொடர்புப் புத்தகத்திலிருந்துதான் வருகிறது. புத்தகம் ஒழுங்காக இருக்கும்போதே மாற்றத்தைச் செய்துவிடுவதுதான் நிம்மதி.

ஊர் எண்களின் நிலை நேர்மாறாக இருந்தது. மலேசியாவிலிருந்து வாட்ஸ்அப்பில் தெரியவேண்டும் என்பதால் அவற்றில் பெரும்பாலானவற்றை அம்மான் +91 போட்டே சேமித்திருந்தார். அவற்றைத் தொடவே தேவையிருக்கவில்லை. வெறும் பத்து இலக்கத்தில் கிடந்த சில பழைய எண்கள் மட்டும் இத்தனை ஆண்டும் வாட்ஸ்அப்பில் தெரியாமலே இருந்தன. மாற்றத்துக்குப் பிறகு அவை தாமாகவே தெரியத் தொடங்கின. பள்ளத்தூர் கொத்தனார் ஒருவரின் படம் திடீரென்று வந்ததைப் பார்த்து அம்மானுக்கு ஒரே சந்தோஷம்.

தொடர்புகளைத் திருத்தும் முன் அவை எங்கே இருக்கின்றன என்று பார்த்தோம். சில கூகுள் கணக்கில் இருந்தன, சில மலேசிய சிம்மின் நினைவகத்தில் இருந்தன. சிம்மைக் கழற்றினால் அதிலுள்ள பெயர்களும் கூடவே போய்விடும். அதனால் கைப்பேசியின் தொடர்புகள் செயலியில் சிம்மிலிருந்து இறக்குமதி செய்யும் வசதியைப் பயன்படுத்தி, எல்லாவற்றையும் கூகுள் கணக்குக்குக் கொண்டுவந்தோம்.

நானூறுக்கு மேற்பட்ட பெயர்கள். ஒவ்வொன்றாகத் திறந்து திருத்தினால் விரல் தேய்ந்துவிடும். மடிக்கணினியில் கூகுள் காண்டாக்ட்ஸ் பக்கத்தைத் திறந்து முழுப் பட்டியலையும் சிஎஸ்வி கோப்பாக இறக்கினேன். அதன் பிரதி ஒன்றைத் தொடாமல் தனியாக எடுத்து வைத்தேன். இந்த இடத்தில் ஓர் ஆபத்து இருக்கிறது. சிஎஸ்வி கோப்பை இருமுறை சொடுக்கி அப்படியே விரிதாளில் திறந்தால், தொலைபேசி எண்களை அது கூட்டிக் கழிக்கும் எண்கள் என்று நினைத்து முன்னால் இருக்கும் பூஜ்யத்தையும் + குறியையும் தின்றுவிடும். 0123456789 என்பது 123456789 ஆகும், +91இல் தொடங்குவது வெறும் 91 ஆகும். அதன் பிறகு எது மலேசிய எண், எது இந்திய எண் என்று பிரித்தறிய முடியாது. ஆகவே கோப்பை இறக்குமதி என்ற வழியில் திறக்கவேண்டும். எண்ணாக மாற்றட்டுமா என்று கேட்கும் இடத்தில் டிக்கை எடுத்துவிட வேண்டும். திறந்ததும் ஒரு மலேசிய எண்ணில் பூஜ்யம் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் பரிசோதனை.

எண்களுக்கு நடுவே இருந்த இடைவெளி, சிறுகோடு எல்லாவற்றையும் தேடி நீக்கினேன். பிறகு பக்கத்தில் ஒரு புது நெடுவரிசையில் இதைப் போட்டேன். B2 என்பது என் தாளில் எண் இருந்த கட்டம்:

```
=IF(LEFT(B2,2)="01","+60"&MID(B2,2,15),B2)
```

மலேசியக் கைப்பேசி எண்கள் எல்லாம் 01 என்று தொடங்கும். அப்படித் தொடங்கினால் முதல் பூஜ்யத்தை எடுத்துவிட்டு +60 சேர், இல்லையென்றால் அப்படியே விடு என்பதுதான் இதன் பொருள். 012 345 6789 என்று இருந்தது +60123456789 ஆகும். பூஜ்யத்தை எடுக்காமல் +60012 என்று எழுதினால் செல்லாது. கையால் திருத்துபவர்கள் வழுக்குகிற இடமும் அதுதான். வரிசையை ஒருமுறை கண்ணால் ஓட்டியபோது டெல்லித் தரைவழி எண் ஒன்றும் மாட்டிக்கொண்டிருந்தது தெரிந்தது. டெல்லியின் எஸ்டிடி குறியீடும் 011 என்பதால், சூத்திரம் அதை மலேசிய எண்ணாக்கிவிட்டது. அதைக் கையால் +9111 என்று திருத்தினேன். பினாங்கின் 04 தரைவழி எண்கள் வாட்ஸ்அப்பில் இல்லை. ஆனாலும் இனி இங்கிருந்துதானே அழைக்கவேண்டும் என்று அவற்றுக்கும் +604 போட்டுவிட்டேன்.

பிறகு புது நெடுவரிசையின் மதிப்புகளை மட்டும் பழைய இடத்தில் ஒட்டி, சிஎஸ்வியாகச் சேமித்து, காண்டாக்ட்ஸில் ஏற்றினேன். இறக்குமதி பழையதன்மேல் எழுதாது, புதிதாக இன்னொரு பட்டியலைச் சேர்க்கும். அதனால் ஒவ்வொரு பெயரும் இரண்டு இரண்டாக வந்தது. இரட்டைகளை இணைக்கும் வசதியைப் பயன்படுத்தினால் ஒரே பெயருக்குள் பழைய தப்பான எண்ணும் புது எண்ணும் சேர்ந்து உட்கார்ந்துகொள்ளும். அதற்குப் பதிலாக, புதிதாக வந்தவற்றுக்கு இறக்குமதித் தேதியோடு ஒரு லேபிள் இருந்ததை வைத்து, லேபிள் இல்லாத பழையவற்றைத் தேர்ந்து நீக்கினேன். நீக்கியவை 30 நாள் குப்பைத்தொட்டியில் இருக்கும் என்பதால் கை நடுங்கவில்லை.

கைப்பேசியில் பட்டியல் ஒத்திசைந்து முடிந்ததும் வாட்ஸ்அப்பில் புது உரையாடல் திரைக்குப் போய், மூன்று புள்ளிகளைத் தொட்டு Refresh கொடுத்தோம். இந்த முழு வேலைக்கும் நல்ல சோதனை இங்கேதான் இருக்கிறது. அம்மானின் கணக்கு இன்னும் +60இல்தான் இருக்கிறது. +60 போட்டு எழுதிய எண் மலேசியக் கணக்குக்கும் புரியும், இந்தியக் கணக்குக்கும் புரியும். ஆகவே திருத்தம் சரியாக இருந்தால் திரையில் எந்த மாற்றமும் தெரியக்கூடாது. யாருடைய பெயராவது போய் எண் மட்டும் நின்றால், அங்கே ஓர் இலக்கம் தப்பு. அப்படி ஒருவர் கிடைத்தார். 011இல் தொடங்கும் அவருடைய எண்ணில் கடைசி இலக்கம் காணோம். அந்த வகை எண்களில் மற்றவற்றைவிட ஓர் இலக்கம் அதிகம் இருக்கும். அவருடன் இருந்த உரையாடலிலிருந்தே சரியான எண்ணை எடுத்துப் போட்டோம்.

அடுத்தது புது சிம். காரைக்குடியில் ஒரு கடையில் ஆதாரைக் கொடுத்து, விரல் ரேகை வைத்து வாங்கினோம். முதல் ரீசார்ஜோடு சேர்த்து 300 ரூபாய்க்குள் முடிந்தது. கடையில் தேர்ந்தெடுக்கச் சொல்லி எண்களின் பட்டியல் ஒன்று காட்டினார்கள். அம்மானுக்குப் பிடித்த எண்ணை உடனே ஒப்புக்கொள்ளாமல், என் கைப்பேசியில் +91 போட்டுச் சேமித்து, வாட்ஸ்அப்பில் தேடிப் பார்த்தேன். யாரோ ஒரு குழந்தையின் படத்தோடு அந்த எண்ணில் கணக்கு இருந்தது.

இந்தியாவில் துண்டிக்கப்பட்ட கைப்பேசி எண்ணை 90 நாள் கழித்து வேறொருவருக்குக் கொடுக்கலாம். வாட்ஸ்அப்போ, பயன்படுத்தாத கணக்கை 120 நாள் வரை வைத்திருக்கும். ஆகையால் கடையில் புதிதாகக் கிடைக்கும் எண்ணுக்குப் பின்னால் முந்தையவரின் கணக்கு இன்னும் நின்றுகொண்டிருக்கலாம். குறியீடு நமக்கு வரும் என்பதால் பொதுவாக அதைக் கடந்துவிடலாம். ஆனால் முந்தையவர் இரண்டு படிச் சரிபார்ப்புக்கு ஆறு இலக்க பின் வைத்திருந்தால், அது தெரியாமல் ஏழு நாள் வரை காத்திருக்க நேரும். அம்மான் அந்த எண்ணை விட்டுவிட்டார். அடுத்துப் பார்த்ததில் கணக்கு எதுவும் தெரியவில்லை, அதை எடுத்துக்கொண்டோம். கடைசி நான்கு இலக்கமும் கூட்டினால் ஒன்பது வருகிறது என்று அதிலும் அவருக்குத் திருப்திதான்.

புது சிம்மை இரண்டாவது துளையில் போட்டோம். மலேசிய சிம் அதன் இடத்திலேயே இருந்தது. வீட்டுக்கு வந்து முதலில் பேக்கப் எடுத்தோம். பிறகு குழுக்களிலும், அடிக்கடி பேசுபவர்களுக்கும் பழைய எண்ணிலிருந்தே அம்மான் ஒரு குரல் செய்தி அனுப்பினார்: “இன்று என் எண் மாறுகிறது. புது எண் 91இல் தொடங்கும். பேசுவது நான்தான், நம்பலாம்.” தெரியாத எண்ணிலிருந்து “நான் உன் சித்தப்பா, இது என் புது எண்” என்று வந்தால் பணம் பறிக்கும் ஆள் என்றுதான் இப்போது எல்லோரும் நினைப்பார்கள், நினைக்கவும் வேண்டும். பழைய உரையாடலுக்குள் தெரிந்த குரல் ஒன்று இருந்தால் அந்தச் சந்தேகத்துக்கு இடமில்லை.

பிறகு Change number. முதல் திரையில் இந்த மாற்றம் என்னென்ன செய்யும் என்று சொல்லிவிட்டு அடுத்த திரையில் இரண்டு எண்களைக் கேட்கிறது. மேலே பழையது, கீழே புதியது. நாட்டுக் குறியீட்டுக்குத் தனிக் கட்டம் இருக்கிறது. மேலே 60, கீழே 91. பழைய எண்ணையும் முன்பூஜ்யம் இல்லாமல்தான் எழுதவேண்டும். அடுத்து, யாருக்கு அறிவிக்கட்டும் என்ற கேள்வி. All contacts, Contacts I have chats with, Custom என்று மூன்று. அம்மான் நடுவில் உள்ளதைத் தேர்ந்தார். நானூறு பேரில் பாதிப்பேரோடு அவர் பேசியே பல ஆண்டு ஆகிறது, அவர்களுக்கு எதற்கு என்றார். இதில் எதைத் தேர்ந்தாலும் குழுக்களுக்கு அறிவிப்பு போய்த்தான் தீரும், அதை நிறுத்த வழியில்லை. புது எண் யாருக்கோ தெரியக்கூடாது என்று நினைப்பவர், அவரோடு பொதுவாக ஒரு குழுவில் இருந்தால் அங்கிருந்து முதலிலேயே விலகிக்கொள்ள வேண்டும்.

குறியீடு வரவில்லை. நாங்கள் வீட்டுக்குள்ளே வளவில் உட்கார்ந்திருந்தோம். வைஃபை நன்றாக இருந்ததால் செயலிக்கு இணையம் இருந்தது. ஆனால் எஸ்எம்எஸ் பொதுவாக வைஃபையில் வராது, சிம்முக்கு சிக்னல் வேண்டும். அரை முழத்துக்கு மேல் தடித்த சுண்ணாம்புச் சுவர்களுக்கு நடுவே புது சிம்மின் கோடுகள் ஒன்றுமில்லாமல் கிடந்தன. மறுபடி அனுப்பச் சொல்லி அவசரப்பட்டுத் தட்டிக்கொண்டே இருந்தால் காத்திருப்பு நேரம் நீளும் என்பதால் அம்மானைத் தட்ட வேண்டாம் என்றேன். கைப்பேசியை எடுத்துக்கொண்டு முகப்புத் திண்ணைக்கு வந்ததும் கோடுகள் ஏறின, ஆறு இலக்கம் வந்து விழுந்தது. அது திரையில் நிரம்பிய கொஞ்ச நேரத்தில் வேலை முடிந்தது. எஸ்எம்எஸ் வரவே இல்லையென்றால், காத்திருப்பு நேரம் முடிந்ததும் அழைப்பு மூலம் குறியீட்டைச் சொல்லும் வழியும் அதே திரையில் இருக்கிறது.

சரிபார்த்த விதம் இது. படைப்புக் குழுவின் விவரப் பக்கத்தைத் திறந்தால் அம்மான் பெயருக்கு நேரே அட்மின் என்று அப்படியே இருந்தது. ஓட்டுக்காரர் ரசீதுகள் பழைய தேதிகளோடு அப்படியே இருந்தன. பினாங்கு நண்பர்கள் அத்தனை பேரும் பெயரோடு நின்றார்கள். அதைப் பார்த்ததும்தான் விரிதாளோடு மல்லுக்கட்டியதற்கு எனக்குப் பலன் தெரிந்தது. குழுக்களில் எண் மாறிய செய்தி நடுவில் சாம்பல் நிறக் கட்டமாக வந்திருந்தது. அதைத் தொட்டால் புது எண்ணுக்கு எழுதவோ சேமிக்கவோ செய்யலாம்.

எதிர்ப்பக்கம் எப்படி இருக்கும் என்பதை என் கைப்பேசியில் பார்த்தேன். அம்மானிடம் எல்லாம் ஒரே தொடராக இருந்தாலும் என்னிடம் அப்படி இல்லை. பழைய எண்ணோடு இருந்த உரையாடல் அங்கேயே நின்றுவிட்டது. அதன் அடியில் எண் மாறிய அறிவிப்பு. புது எண்ணிலிருந்து அவர் எழுதியது தனி உரையாடலாக வந்தது. அறிவிப்பைக் கவனிக்காமல் பழைய உரையாடலிலேயே எழுதுபவர்களுக்கு ஒற்றை டிக் மட்டும்தான் விழும், செய்தி போய்ச் சேராது. பினாங்கில் இருக்கும் அம்மானின் கூட்டாளி ஒருவர் அப்படி எழுதிப் பார்த்து, சந்தேகப்பட்டு, புது எண்ணுக்கு வீடியோ அழைப்புப் போட்டு முகத்தைப் பார்த்த பிறகுதான் சேமித்துக்கொண்டார்.

அன்றைக்கே மறுபடி ஒரு பேக்கப் எடுத்தோம். பேக்கப் எண்ணோடு கட்டுப்பட்டது. பழைய எண்ணில் எடுத்த பேக்கப்பைப் புது எண்ணோடு மீட்க முடியாது. இதைச் செய்யாமல் விட்டு அடுத்த வாரம் கைப்பேசி உடைந்தால், பட்ட பாடு எல்லாம் வீண். கைப்பேசியையும் சேர்த்து மாற்ற நினைப்பவர்களுக்கும் இதே வரிசைதான். பழைய கைப்பேசியிலேயே எண்ணை மாற்றி, அங்கேயே புது எண்ணில் பேக்கப் எடுத்து, அதன் பிறகு புதுக் கைப்பேசியில் மீட்கவேண்டும்.

மலேசிய சிம்மை இன்னும் கழற்றவில்லை. அம்மானின் அங்கத்திய வங்கிக் கணக்கு அந்த எண்ணோடுதான் இணைந்திருக்கிறது. வாட்ஸ்அப் எண்ணை மாற்றியதால் அதில் எதுவும் மாறாது. வங்கியில் எண்ணை மாற்றும்வரை 10 ரிங்கிட் ரீலோட் போட்டு உயிரோடு வைத்திருக்கிறார். அடுத்த முறை யாருக்காவது இதைச் செய்வதானால், சிம் வாங்குவதற்கு ஒரு வாரம் முன்பே தொடர்புப் பட்டியலைத் திருத்திவிடுவேன். அந்த ஒரு வாரத்தில் பெயரில்லாமல் வரும் செய்திகளைப் பார்த்தே தப்பாகப் பதிந்த எண்களைக் கண்டுபிடித்துவிடலாம். குறியீட்டுக்குக் காத்திருப்பதைத் திண்ணையிலேயே தொடங்குவேன்.